தாமரை இதழுக்கு ஒற்றை இழையா, இரட்டை இழையா?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண பிளவுஸுக்கு எம்ப்ராய்டரியில் தாமரை கேட்டால், 4 செ.மீ. இதழில் நுனி அடர் ரோஸ், அடி வெள்ளை. லாங் அண்ட் ஷார்ட் தையலை எத்தனை இழையில் போடலாம்?

நேரம்: இரட்டை இழையில் சீக்கிரம் நிறையும்.

கலப்பு: ஒற்றை இழைதான். அடுத்த நிறத்தின் ஊசி முந்தைய தையலைப் பிளந்து மேலே வரணும்; ஒற்றையில் நிறம் உள்ளே புகுந்துவிடும். இரட்டையில் ஊசி இழைகளுக்கு நடுவே வழுக்கி, சின்ன ஓட்டையும் படிக்கட்டு மாதிரி கோடும் தெரியும். அப்படிக் கோடு விழுந்துவிட்டால் தையலைப் பிரிக்க வேண்டாம். அடர் இழை ஒன்று, வெளிர் இழை ஒன்று ஒரே ஊசியில் கோத்து, கோட்டைத் தாண்டி ஏறுக்குமாறான நீளத்தில் நாலைந்து தையல் போடுங்கள்.

கிட்டத்தில் பார்க்கும் கைப்பூவுக்கு ஒற்றை. முதுகுப் பெரிய பூவுக்கு இரட்டையே போதும்.