சங்கச் செய்திமடலைத் தமிழாக்கும்போது: "அன்புள்ள குடியிருப்பாளர்களே"வா, "அன்புடையீர், வணக்கம்" போதுமா?

சென்னை அடுக்குமாடிச் சங்கங்களில் செய்திமடல் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில்தான் தயாராகிறது. அப்புறம் அதைத் தமிழாக்க இரண்டு வழி: வரிக்கு வரி பெயர்ப்பது, அல்லது விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுவது. நான் இரண்டாவதன் பக்கம், ஒரே ஒரு இடத்தைத் தவிர.

விளிப்பில் சந்தேகமே இல்லை. "அன்புள்ள குடியிருப்பாளர்களே" என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. "அன்புடையீர், வணக்கம்" என்பது கல்யாணப் பத்திரிகை முதல் சங்கக் கடிதம் வரை எல்லோருக்கும் பழகியது.

அறிவிப்பில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சம்ப் கழுவும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி போனால் இப்படி வரும்: "சம்ப் சுத்தம் செய்யப்படுவதன் காரணமாக நீர் விநியோகம் சனிக்கிழமை 9 முதல் 1 வரை இடைநிறுத்தப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஏற்படுத்தப்பட்ட அசௌகரியம் ஆழமாக வருந்தப்படுகிறது." புதிதாக எழுதினால்: "சனிக்கிழமை காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. சம்ப் கழுவுகிறோம். வேண்டிய தண்ணீரை வெள்ளிக்கிழமை இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்." லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய தாளை நடந்துகொண்டே படிக்கிறவருக்கு நாளும் நேரமும் முதலில் வரவேண்டும், காரணம் பிறகு வந்தால் போதும்.

செய்யச் சொல்லும் வரிகளில் வினைமுடிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். "குப்பையைப் பிரித்துப் போடவும்" என்பது பலகைக்குச் சரி, ஆனால் மடல் முழுக்க "வும்" "வும்" என்று வந்தால் அதிகாரியின் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். பொங்கல் விழாவுக்குக் கூப்பிடும்போது "குடும்பத்தோடு வாருங்கள், கோலப்போட்டிக்குப் பெயர் கொடுங்கள்" என்றால்தான் கூப்பிட்ட மாதிரி இருக்கும். பராமரிப்புக் கட்டணம் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் விறைப்பு நல்லது: "10ஆம் தேதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்." இதிலும் ஒரு சிக்கல் உண்டு, "10ஆம் தேதிக்குள்" என்றால் 10ஆம் தேதி சேருமா சேராதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், தாமதக் கட்டணம் போடுகிற சங்கமாக இருந்தால் அது சண்டையில் முடியும், அதனால் "கடைசி நாள்: 10ஆம் தேதி" என்று தனி வரியில் போட்டுவிடுவது நல்லது. ஒரே மடலில் மேலே "தங்கள்", கீழே "உங்கள்" என்று கலந்தால் இரண்டு பேர் எழுதியது அப்பட்டமாகத் தெரியும். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

நான் சொன்ன அந்த ஒரு இடம், ஆண்டுப் பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு. நிகழ்ச்சி நிரல், தீர்மானம், குறைந்தபட்ச வருகை எல்லாம் மூலத்தில் உள்ள வரிசையிலேயே, ஒன்று விடாமல், வரிக்கு வரி வரட்டும். வரவு செலவுக் கணக்கில் தகராறு வந்தால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள், தமிழில் ஒரு தீர்மானம் விடுபட்டிருந்தால் "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று எழுந்து நிற்பவருக்குச் செயலாளரால் பதில் சொல்ல முடியாது.