இரண்டு வருடமாக ஒரே கசினோ தளத்தில்: போனஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டு ஒன்லைன் கசினோவில் இரண்டு வருடமாக விளையாடுகிறேன். பெயர் வேண்டாம். விளையாட்டுகள், வேகம், எல்லாம் குறை சொல்ல முடியாது. போனஸ் எடுக்காமல் வென்ற காசு இரண்டு நாளில் கைக்கு வந்திருக்கிறது. பிரச்சினை முழுக்க போனஸில்தான்.

முதல் தடவை 100 டொலர் போட்டேன், 100 டொலர் போனஸ் தந்தார்கள். காசை எடுக்க வேண்டுமென்றால் போனஸைப்போல் 35 மடங்கு, அதாவது 3,500 டொலருக்குப் பந்தயம் கட்டி முடிக்க வேண்டும். இவ்வளவும் சலுகைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது. சரி, செய்யலாம் என்று நினைத்து எனக்குப் பிடித்த பிளக்ஜக் மேசைக்குப் போனேன். 300 டொலருக்கு மேல் கட்டிய பிறகு பார்த்தால் முன்னேற்றக் கோடு 30 டொலரில்தான் நிற்கிறது. பிளக்ஜக்கில் கட்டும் ஒவ்வொரு டொலரிலும் 10 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். ஸ்லொட்டுக்கு 100 சதவீதம். contribution என்ற இந்த அட்டவணை வேறொரு பக்கத்தில் இருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லொட்டில் 3,500 டொலர் சுழற்றினால் சராசரியாக 140 டொலர் போகும். பிளக்ஜக்கைச் சரியாக ஆடினால் கசினோவுக்குப் போவது அரைச் சதவீதம் மட்டில்தான், ஆனால் 10 சதவீதமே கணக்கில் சேர்வதால் 35,000 டொலர் கட்ட வேண்டும்; 175 டொலர் போகும். எந்தப் பக்கம் போனாலும் 100 டொலர் போனஸைவிடச் செலவு கூட. அந்தச் சதவீதங்களை எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

நானும் ஸ்லொட்டுக்கு மாறினேன். அதிர்ஷ்டம் அடித்தது, 3,500ஐ முடித்தபோது கணக்கில் 640 டொலர் இருந்தது. எடுக்கக் கேட்டேன். அடையாள அட்டை, வங்கிக் கூற்று எல்லாம் அனுப்பி மூன்றாம் நாள் பதில் வந்தது: போனஸ் காலத்தில் ஒரு பந்தயம் 5 டொலருக்கு மேல் போகக்கூடாது, நீங்கள் இரண்டு முறை மீறியிருக்கிறீர்கள், வென்றது ரத்து, போட்ட 100 மட்டும் திரும்பும்.

நான் 4 டொலருக்கு மேல் வைத்ததே இல்லை. பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதல் நாள் பிளக்ஜக்கில் இரண்டு கைகளில் 'டபுள்' அடித்திருந்தேன். நாலும் நாலும் எட்டு. அப்போது ஓடியது என் சொந்தக் காசு, போனஸைத் தொடவேயில்லை. அதுவும் அவர்களுக்குப் பொருட்டில்லை. போனஸ் கணக்கில் உயிரோடு இருக்கும்வரை வரம்பும் உண்டு என்று விதி. ஸ்லொட்டில் இலவசச் சுழற்சியைக் காசு கொடுத்து வாங்கும் பொத்தானும் இப்படித்தான். 40 சதம் பந்தயத்துக்கு அதன் விலை 40 டொலர் வரை வரும், அந்த முழுத் தொகையும் ஒரே பந்தயம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றில். போனஸ் ஓடுகிறது என்று அவர்களுடைய மென்பொருளுக்குத் தெரியும். 8 டொலரை அந்த நொடியே மறுத்திருக்கலாம்; சில தளங்கள் அப்படித்தான் மறுக்கின்றன. இங்கே தோற்றிருந்தால் யாரும் பதிவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வென்று கேட்ட பிறகுதான் திறக்கிறார்கள். கொழும்பிலிருந்து இதற்கு யாரிடம் போய் முறையிடுவது? பிரித்தானியாவில் உரிமம் பெற்ற தளமென்றால் 2026 ஜனவரியிலிருந்து 10 மடங்குக்கு மேல் கேட்கவே முடியாது. என்னுடையது அந்த வகையல்ல.

கணக்கில் சேரும் சதவீதம், பந்தய வரம்பு இரண்டுக்கும் பிறகு மூன்றாவது பூட்டை இந்த வருடம் பார்த்தேன். காசு போடாமலே கிடைத்த 20 இலவசச் சுழற்சிகள், எல்லா விதியையும் முடித்து 310 டொலர். எடுக்கக்கூடிய உச்சம் 50. அழுத்தியதும் மிச்சம் 260 மறைந்தது. மீறல் எதுவும் இல்லை, எனவே சண்டை பிடிக்கவும் வழியில்லை.

இப்போது காசு போடும்போதே போனஸ் பெட்டியில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுகிறேன். மறந்துபோனால் முதல் பந்தயத்துக்கு முன் தளத்தின் உதவி அரட்டையில் சொல்லி நீக்குகிறேன். பந்தயம் விழுந்த பிறகு நீக்கினால் வென்றதும் சேர்ந்து போகும்.

போன கிழமை ஒரு கூட்டாளி 200 சதவீத வரவேற்புச் சலுகையைக் காட்டி, "மச்சான், இதை எடுக்கவா?" என்று கேட்டான். சலுகைப் பக்கத்தை விட்டுவிட்டுப் பொதுவிதிப் பக்கத்தில் maximum bet, contribution, cashout என்று மூன்று சொற்களைத் தேடச் சொன்னேன். முதல் இரண்டும் உடனே கிடைத்தன. மூன்றாவது, பணம் எடுக்கும் விதிகளின் கடைசியில் இருந்தது: போட்ட காசைப்போல் 5 மடங்குதான் எடுக்கலாம். அவன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொண்டான். போனஸை எடுக்கவில்லை.