கூட்டல் போடுவதை நிறுத்திய பிறகு: பிவட் டேபிளுடன் ஆறு ஆண்டுகள்

ஒரு மாணவர் விடுதியின் உணவுக்கூடக் கணக்கை நான் எழுதி வருகிறேன். மாதத்திற்கு ஏறத்தாழ 250 வவுச்சர்கள் வரும். அவற்றைக் காய்கறி, மளிகை, பால், எரிவாயு என்று பிரித்து, ஒவ்வொரு தலைப்புக்கும் மொத்தம் போட்டு, மாத முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும். முன்பு எக்செல் தாளில் ஒவ்வொரு தலைப்பாக வடிகட்டி, கால்குலேட்டரில் இருமுறை கூட்டி, இரண்டு விடைகளும் ஒத்துவராதபோது மூன்றாம் முறையும் கூட்டிக்கொண்டிருந்தேன். அதே நிலையில் இன்றும் இருக்கும் ஓர் எழுத்தருக்காக இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

எக்செலிலேயே உள்ள பிவட் டேபிள் என்ற வசதி செய்வது ஒரே ஒரு வேலைதான். ஒரே தலைப்புள்ள வரிசைகளையெல்லாம் தேடிச் சேர்த்து, அவற்றின் தொகையைக் கூட்டி, வேறொரு தாளில் காட்டுகிறது. என் பதிவேட்டில் தேதி, தலைப்பு, கடை, தொகை என்று நான்கு நெடுவரிசைகள் உண்டு. ஒரு வவுச்சருக்கு ஒரு வரிசை. பதிவேட்டின் உள்ளே ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+T` அழுத்தி OK கொடுத்தால் அது முழுவதும் ஓர் அட்டவணையாக மாறும். பின்னர் அதன் அடியில் எழுதும் புதிய வரிசைகளும் தாமாகவே அதில் சேர்ந்துகொள்ளும். அடுத்து Insert பட்டியலில் PivotTable என்பதைத் தேர்ந்தெடுத்து OK கொடுத்தால் ஒரு புதிய தாள் திறக்கும். அதன் வலப்புறத்தில் தெரியும் பெயர்களில் 'தலைப்பு' என்பதை Rows பெட்டிக்கும், 'தொகை' என்பதை Values பெட்டிக்கும் இழுத்துவிட்டால் மொத்தங்கள் வந்துவிடும். கடைவாரியாகவும் வேண்டுமென்றால் 'கடை' என்பதை Columns பெட்டியில் போட வேண்டும். செய்முறை இவ்வளவே.

ஆனால் என் முதல் முயற்சியில் வந்த மொத்தம், உண்மையான செலவைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருந்தது. பழைய பழக்கத்தால் ஒவ்வொரு வாரத்தின் இறுதியிலும் 'வாரக் கூட்டல்' என்று ஒரு வரிசையைப் பதிவேட்டின் நடுவிலேயே எழுதியிருந்தேன். அது கூட்டல் என்பது பிவட் டேபிளுக்கு எப்படித் தெரியும்? அதையும் ஒரு செலவாக எடுத்துக்கொண்டது. அந்த வரிசைகளில் தலைப்பு எழுதப்படாததால், விடையில் (blank) என்ற பெயரில் ஒரு வரி நின்றது. அதன் தொகை மற்ற தலைப்புகள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்ததைப் பார்த்துத்தான் காரணம் புரிந்தது. கைக்கூட்டலுக்காக நாம் பதிவேட்டில் செருகும் இடைக்கூட்டல், வெற்று வரி, இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது ஆகிய மூன்றையும் முதலில் நீக்கிவிட வேண்டும்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்றை இரண்டாம் ஆண்டில் சந்தித்தேன். அந்த ஜூன் மாதத்தில் 248 வவுச்சர்கள். பிவட் டேபிள் காட்டிய தொகைகள்: காய்கறி 48,300, மளிகை 92,750, பால் 37,200, எரிவாயு 21,600, ஆக மொத்தம் 1,99,850 ரூபாய். ரொக்கப் புத்தகத்திலோ 2,01,690 என்று இருந்தது. வித்தியாசம் 1,840 ரூபாய். பதிவேட்டின் அடியில் SUM போட்டுப் பார்த்தபோதும் அதே 1,99,850தான் வந்தது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்ததால் ரொக்கப் புத்தகத்தில்தான் பிழை என்று நினைத்து, அரை நாள் அதிலேயே தேடினேன்.

பிழை பதிவேட்டிலேயே இருந்தது. ஒரு மளிகை வவுச்சரை எழுதும்போது, காகிதத்தில் எழுதும் வழக்கப்படி `1,840/-` என்று தட்டியிருந்தேன். கடைசியில் உள்ள அந்தக் கோடுகளால் எக்செல் அதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகக் கருதிவிட்டது. எழுத்தை SUM கூட்டாது; பிவட் டேபிளும் கூட்டாது. இருவரும் ஒரே தவறைச் செய்யும்போது ஒருவரை வைத்து மற்றவரைச் சரிபார்ப்பதில் பொருளில்லை. பிவட் டேபிளைப் புதிதாக உருவாக்கியிருந்தால் Sum of தொகை என்பதற்குப் பதிலாக Count of தொகை என்று வந்து, ரூபாய்க்குப் பதில் வவுச்சர் எண்ணிக்கையைக் காட்டி, உடனே எச்சரித்திருக்கும். முந்தைய மாதத்து டேபிளையே புதுப்பித்துப் பயன்படுத்தியதால் எந்த அறிகுறியும் இல்லாமல் அந்தத் தொகை விடுபட்டுப்போனது.

அன்றிலிருந்து மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஓர் ஓரத்தில் இவ்விரண்டையும் போட்டுப் பார்க்கிறேன். தொகை D நெடுவரிசையில் இருக்கிறது.

```
=COUNT(D:D)
=COUNTA(D:D)-1
```

முதலாவது எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். இரண்டாவது எதுவாவது எழுதப்பட்டுள்ள எல்லாக் கட்டங்களையும் எண்ணி, நெடுவரிசைப் பெயர்கள் உள்ள முதல் வரிக்காக ஒன்றைக் கழிக்கும். அந்த ஜூன் மாதத்திற்கு 247, 248 என்று வந்தன. எண்ணாக இல்லாத அந்த ஒரு கட்டத்தைத் தேட வேண்டியதே இல்லை: தொகை நெடுவரிசையின் வடிகட்டிப் பட்டியலைத் திறந்தால் எண்களெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் அது தனியே நிற்கும். திருத்திப் புதுப்பித்ததும் மளிகை 94,590 ஆனது. மொத்தமும் ரொக்கப் புத்தகத்தோடு பொருந்தியது.

தேதியிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. அலுவலக வழக்கப்படி 05.06.2024 என்று புள்ளி வைத்து எழுதினால் என் கணினியில் அது தேதியாக அல்லாமல் எழுத்தாகவே பதிவாகிறது. மாதவாரியாகத் தொகுக்க முயலும்போது "Cannot group that selection." என்று மறுத்துவிடும். Data பட்டியலில் உள்ள Text to Columns வழியாகச் சென்று, மூன்றாம் படியில் Date என்பதற்கு DMY கொடுத்தால் நெடுவரிசை முழுவதும் தேதியாக மாறும்.

தலைப்பை எழுதும்போது பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் 'பால்' இரண்டு வரிகளாகத் தெரியும். ஆனால் இது கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் எனக்கு அவ்வளவு தொல்லை தந்ததில்லை.

தொல்லை தந்தது புதுப்பிக்க மறப்பதுதான். என்னிடமுள்ள பதிப்பில், பதிவேட்டில் திருத்தினால் பிவட் டேபிள் தானாக மாறுவதில்லை. அதன்மேல் வலச்சொடுக்கி Refresh கொடுக்க வேண்டும், அல்லது `Alt+F5` அழுத்த வேண்டும். ஒருமுறை மூன்று வவுச்சர்களைச் சேர்த்துவிட்டு, புதுப்பிக்காமல் அச்செடுத்துத் தணிக்கைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது PivotTable Options உள்ளே Data பகுதியில் "Refresh data when opening the file" என்பதைக் குறியிட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் அச்செடுக்கும் முன் ஒருமுறை அழுத்திவிடுவேன்.

தணிக்கையாளர் 'எரிவாயு இவ்வளவு ஏன்?' என்று கேட்டால் அந்தத் தொகையின் மேல் இருமுறை சொடுக்குவேன். அதில் அடங்கிய வவுச்சர்கள் மட்டும் ஒரு புதிய தாளில் வரிசையாக வந்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதைவிட்டு விலகமாட்டேன். ஆனால் அந்தத் தாள் வெறும் நகல். அதில் திருத்தினால் பதிவேடு மாறாது. திருத்தத்தைப் பதிவேட்டில்தான் செய்ய வேண்டும்.

அதே வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. மூலப் பதிவேட்டை நீக்கிவிட்டு, மொத்தம் மட்டும் உள்ள தாளை அனுப்பினாலும், தரவின் ஒரு நகல் பெரும்பாலும் கோப்பினுள்ளேயே இருக்கும். பெறுபவர் இருமுறை சொடுக்கினால் ஒவ்வொரு வரிசையும் வெளியே வந்துவிடும். காய்கறிக் கணக்கில் இதனால் கேடில்லை. சம்பளப் பட்டியலில் உண்டு. ஆகவே வெளியே அனுப்பும்போது டேபிளை நகலெடுத்து, புதிய கோப்பில் Paste Special வழியாக Values என்று ஒட்டி, எண்களை மட்டுமே அனுப்புகிறேன். அலுவலகப் படிவத்தின் அமைப்பிலேயே அறிக்கை கொடுக்க வேண்டியிருப்பதால், அந்த எண்களைப் படிவத்தில் நிரப்பும் வேலையை இன்னும் கையால்தான் செய்கிறேன்.