ஏ, பி, சி: ஒரு கன்டெய்னர் முந்திரிப் பருப்புக்கு எந்தக் காப்பீடு?

பண்ருட்டிப் பக்கத்தில் உடைத்துத் தரம் பிரித்த முந்திரிப் பருப்பைச் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர், கப்பல் கிளம்புவதற்கு முன்பே தம் கையில் கிடைக்கும் காப்பீட்டுச் சான்றிதழில் சரக்கின் பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, கப்பலின் பெயர், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைக் கவனமாகச் சரிபார்த்துவிடுகிறார். ஏனெனில் அவற்றில் பிழை இருந்தால் வங்கி ஆவணங்களைத் திருப்பிவிடும். ஆனால் நிபந்தனைகள் என்ற பகுதியில் 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ்' என்ற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து ஏ-யா, பி-யா, சி-யா என்பதை வங்கியும் பல நேரங்களில் கேட்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. இழப்பு நேர்ந்த பிறகு பணம் வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த ஓர் எழுத்துதான்.

இந்த மூன்று நிபந்தனைத் தொகுப்புகளும் லண்டன் காப்பீட்டுச் சந்தையில் வகுக்கப்பட்டவை. 2009 ஜனவரி 1 தேதியிட்ட வடிவமே இன்று பரவலாகப் பயன்படுகிறது. சி என்பது மிகக் குறுகியது. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், கவிழ்தல், மோதுதல், தரையில் லாரி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகளையும், கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிவதையும் அது ஏற்கிறது. பி அவற்றோடு நிலநடுக்கம், மின்னல், அலை அடித்துச் சரக்கைக் கடலுக்குள் கொண்டுபோதல், கடல் நீரோ ஆற்று நீரோ ஏரி நீரோ கன்டெய்னருக்குள் புகுதல், ஏற்றி இறக்கும்போது ஒரு பெட்டி கீழே விழுந்து முழுதாக அழிதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. ஏ எதையும் பட்டியலிடுவதில்லை. விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாத் தற்செயல் இழப்பும் அதில் அடக்கம்.

பிரீமியத்தை விட முக்கியமான வேறுபாடு, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் இருக்கிறது. பி-யிலும் சி-யிலும், பட்டியலில் உள்ள இன்ன காரணத்தால்தான் சேதம் வந்தது என்பதை இழப்பீடு கேட்பவர் காட்ட வேண்டும். ஏ-யில், நல்ல நிலையில் ஏறிய சரக்கு வழியில் எதிர்பாராத ஏதோ ஒன்றால் கெட்டது என்பதைக் காட்டினால் போதும். விலக்கு ஒன்று பொருந்துகிறது என்றால் அதைக் காப்பீட்டு நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். மூடி முத்திரையிட்ட கன்டெய்னருக்குள் நடுக்கடலில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லாத வணிகத்தில் இந்த வேறுபாட்டின் எடை மிகப் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டில் இதைப் பார்க்கலாம். இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றில் 700 அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் காற்று நீக்கி மூடிய 11.34 கிலோ பைகள் இரண்டு. டிசம்பரில் சென்னையிலிருந்து கிளம்பி, கொழும்பில் கப்பல் மாறி, ராட்டர்டாம் போய்ச் சேர்கிறது. விற்பனை சி.ஐ.எஃப். முறையில், அதாவது காப்பீடும் கப்பல் கூலியும் விற்பவர் பொறுப்பில். விலை 1 கோடியே 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வழக்கப்படி பத்து விழுக்காடு கூட்டிக் காப்பீட்டுத் தொகை 1,15,50,000 ரூபாய். பெட்டி ஒன்றுக்கு 16,500 ரூபாய். வாங்குபவரின் கிடங்கில் கதவைத் திறந்தால் 60 பெட்டிகள் நனைந்திருக்கின்றன. பணம் வருமா என்பது அந்த நீர் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது.

கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்து, கொந்தளித்த கடலின் நீர் உள்ளே புகுந்திருந்தால், ஏ-யும் பி-யும் கொடுக்கும். சேதத்தை ஆய்வு செய்ய வரும் சர்வேயர் நனைந்த அட்டையில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுவார். வெண்மையாகத் திரண்டால் உப்பு இருக்கிறது என்று பொருள், அந்தக் குறிப்பு அறிக்கையில் ஏறும். சி-யில், கப்பல் தரைதட்டியது போன்ற பெரிய விபத்து எதுவும் நடக்காதவரை ஒன்றும் கிடைக்காது.

கன்டெய்னரின் கூரையில் துருப்பிடித்த சிறு துளை வழியாகக் கொழும்புத் துறைமுகத்தில் பெய்த மழை இறங்கியிருந்தால் நிலைமை மாறுகிறது. பி-யின் வாசகம் கடல், ஏரி, ஆற்று நீரை மட்டுமே சொல்கிறது. மழை நீர் அதில் இல்லை. சில்வர் நைட்ரேட் சோதனையில் உப்பு தென்படாவிட்டால், பி எடுத்தவரின் கோரிக்கை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் ஊரிலேயே இதற்கு இணையான நிலை உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாறு கரைபுரண்டு கடலூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாளில் வழியில் நிறுத்தப்பட்ட கன்டெய்னருக்குள் ஆற்று வெள்ளம் நுழைந்தால் பி கொடுக்கும், கூரை வழியாக மழை ஒழுகினால் கொடுக்காது. இரண்டும் நடுவழியில் நேர்ந்தால்தான் இந்தப் பேச்சு. சரக்கை உடனே வண்டியில் ஏற்றுவதற்காகக் கிடங்குக்குள் முதன்முதலாக நகர்த்தும்போதுதான் காப்பீடு தொடங்குகிறது; அதற்கு முன் அடுக்கி வைத்திருந்த சரக்கு வெள்ளத்தில் நனைந்தால் மூன்றில் எதுவும் உதவாது, அது கிடங்குக்கென எடுக்கும் தனிக் காப்பீட்டின் வேலை.

மூன்றாவது வழிதான் மிகவும் சிக்கலானது. சென்னையின் வெப்பத்தில் மூடிய கன்டெய்னர் குளிர்ந்த வட கடலை அடையும்போது, உள்ளே இருக்கும் ஈரக் காற்று கூரைத் தகட்டில் நீராகத் திரண்டு பெட்டிகளின் மேல் சொட்டும். இதைக் கன்டெய்னர் வியர்ப்பது என்பார்கள். பி-யிலும் சி-யிலும் இதற்கு இடமே இல்லை. ஏ-யில் இடம் உண்டு, ஆனால் அங்கும் இரண்டு விலக்குகள் எதிரே நிற்கின்றன. ஒன்று, சரக்கின் உள்ளியல்பால் வந்த கேடு. மற்றொன்று, போதாத பொதிவு. பருப்பின் ஈரம் 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, அட்டைகளும் மரப் பலகைகளும் ஈரமாகவே ஏறியிருந்தாலோ, அந்த நீர் வெளியிலிருந்து வரவில்லை, சரக்கோடே போனது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். 2009 வடிவத்தில் பொதிவு என்பது கன்டெய்னருக்குள் அடுக்குவதையும் சேர்த்தே குறிக்கிறது. அதை ஏற்றுமதியாளரோ அவருடைய ஊழியர்களோ செய்திருந்தால் குறை அவர் தலையில் விழும். ஆகவே தம் கிடங்கிலேயே கன்டெய்னரை நிரப்புகிறவர், உள்ளே ஒருவரை நிறுத்திக் கதவை மூடி வெளிச்சம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்து, தரையின் ஈரத்தையும் தொங்கவிட்ட ஈரம் உறிஞ்சும் பைகளையும் படம் எடுத்து, அந்தத் தொகுதியின் ஈரப்பத அறிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஏ எடுத்தவரின் கோரிக்கைக்கு இந்த நான்கைந்து தாள்களே முதுகெலும்பு.

திருட்டும் பெட்டிக் குறைவும் ஏ-யில் மட்டுமே தாமாக அடங்கும். மற்ற இரண்டில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். முத்திரை உடையாமல் வந்து எண்ணிக்கை மட்டும் குறைந்தால், சரக்கு ஏறவே இல்லை என்ற கேள்வி ஏ-யிலும் எழும். இனி, மூன்றுமே கொடுக்காதவை: தாமதத்தால் வந்த நட்டம், அந்தத் தாமதம் காப்பீட்டில் அடங்கிய விபத்தாலேயே நேர்ந்திருந்தாலும் கூட, இயல்பான எடைக் குறைவு, பருப்புக்குள்ளேயே இருந்து பெருகிய வண்டு, உணவுத் தர விதிக்கு ஒவ்வாமல் அங்குள்ள அதிகாரிகள் சரக்கை நிராகரிப்பது. போரும் வேலைநிறுத்தமும் தனி நிபந்தனைகளாகத் தனிப் பிரீமியத்துக்கு வாங்கப்படுபவை. செங்கடல் வழியாகப் போகும் சரக்குக்கு போருக்கான அந்த நிபந்தனை சான்றிதழில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது, மீட்புச் செலவைக் கப்பலும் சரக்குகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று அதன் உரிமையாளர் அறிவித்தார். தம் பெட்டி நனையாமல் இருந்தாலும் சரக்குக்காரர் பங்குக்கு உத்தரவாதம் தந்தால்தான் அது கைக்கு வரும். இந்தப் பங்கை ஏ, பி, சி மூன்றுமே ஏற்கின்றன. நீருக்கும் திருட்டுக்கும் அஞ்ச வேண்டாத கருங்கல் பாளத்துக்குச் சி போதும். பருப்புக்கும் புதுச்சேரி ஊதுபத்திக்கும் அது போதாது. பி-யை நடுவழி என்று நினைத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழை, வியர்வை, திருட்டு என்ற மூன்றும்தான் இந்தச் சரக்குகளுக்கு அடிக்கடி வருபவை, மூன்றும் அதில் இல்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளை வகுக்கும் சர்வதேச வணிக விதிகளான 2020 இன்கோடெர்ம்ஸின்படி சி.ஐ.எஃப். விற்பனைக்குச் சி-யே குறைந்தபட்சம்; ஒப்பந்தத்தில் வாங்குபவர் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே போதுமென்றாகிவிடும். கப்பல் கூலியும் கடல் பயணக் காப்பீடும் வாங்குபவர் பக்கம் இருக்கும் எஃப்.ஓ.பி. முறையில் விற்பவர், வாங்குபவரின் காப்பீடு தமக்கு உதவும் என்று எண்ணக் கூடாது. கடலூரிலிருந்து சென்னையில் கப்பலில் ஏறும் வரை அபாயம் விற்பவருடையது, அந்தத் தூரத்துக்கு அவரே தனியாக எடுக்க வேண்டும்.

நம் 60 பெட்டிகளுக்குத் திரும்புவோம். மழைதான் காரணம், சான்றிதழில் ஏ இருக்கிறது என்று கொள்வோம். சர்வேயர் 20 பெட்டிகள் பூஞ்சை பிடித்து முழுதும் வீண் என்றும், மற்ற 40 பெட்டிகள் அந்தச் சந்தையில் நல்ல சரக்கின் விலையை விட 40 விழுக்காடு குறைவாகவே விலைபோகும் என்றும் எழுதுகிறார். முதலாவதற்கு 3,30,000 ரூபாய், இரண்டாவதற்கு 2,64,000 ரூபாய், ஆக 5,94,000 ரூபாய். சான்றிதழில் காப்பீட்டுத் தொகையில் அரை விழுக்காடு சுய பொறுப்பு என்று இருந்தால் 57,750 ரூபாய் கழித்து 5,36,250 ரூபாய் கிடைக்கும். சி இருந்திருந்தாலோ பி இருந்திருந்தாலோ இதே கணக்கின் விடை சுழியம்.

இந்தப் பணத்தைக் கேட்கப்போகிறவர் பெரும்பாலும் ராட்டர்டாமில் இருக்கும் வாங்குபவர்தான். ஏற்றுமதியாளர் பின்பக்கம் கையெழுத்திட்ட சான்றிதழ் ஆவணங்களோடு அவரிடம் போய்விடுகிறது. அவர் செய்யத் தவறுவதே கோரிக்கையைக் கெடுக்கும் என்பதால், ஆவணங்களோடு ஒரு தாளில் இவற்றை எழுதி அனுப்புவது நல்லது: சேதம் வெளியே தெரிந்தால் குறிப்பு எழுதாமல் சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடக் கூடாது, வெளியே தெரியாததை மூன்று நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், முத்திரையையும் நனைந்த அட்டைகளையும் எறியாமல், சான்றிதழில் பெயர் உள்ள சர்வே முகவரை உடனே அழைக்க வேண்டும், நல்ல பெட்டிகளை நனைந்தவற்றிலிருந்து அன்றே பிரித்து வைக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க ஓராண்டே கெடு. அந்த உரிமையைக் கைநழுவ விட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கும்.