மூடிப் பார்க்கும் முறை: பகுதி பின்னங்களில் நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

மொரிஷியஸில் எச்.எஸ்.சி. கணிதம் எடுக்கும் பிள்ளைகள் பகுதி பின்னங்களை முதலில் நீண்ட வழியில்தான் கற்கிறார்கள். A, B, C என்று வைத்து, குறுக்கே பெருக்கி, கெழுக்களை ஒப்பிட்டு, மூன்று சமன்பாடுகளைத் தீர்ப்பது அந்த வழி. பிறகு டியூஷனில் யாராவது ‘கவர்-அப்’ காட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு காரணியை விரலால் மூடி, ஓர் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடுகிறது. பல ஆண்டுகள் இதையே பயன்படுத்தியும் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் தேறிய கணிப்பு இது: வெவ்வேறு ஒருபடிக் காரணிகளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் சத்தமில்லாமல் தவறான விடையைத் தந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு:

```
    2x² + 19x − 15            A         B          C
----------------------  =  ------- + ------- + --------
(x − 1)(x + 2)(2x − 1)      x − 1     x + 2     2x − 1
```

A வேண்டுமென்றால் இடப்பக்கத்தில் (x − 1) மேல் விரலை வையுங்கள். மூடிய காரணி சுழியாகும் இடம் x = 1. மிச்சமிருப்பதில் 1-ஐப் போட்டால், மேலே 2 + 19 − 15 = 6; கீழே 3 × 1 = 3. ஆக A = 2.

B-க்கு (x + 2)-ஐ மூட வேண்டும். போட வேண்டிய எண் −2. அவசரத்தில் பலர் 2 போடுவது இங்கேதான். மேலே 8 − 38 − 15 = −45. கீழே (−3)(−5) = 15. B = −3. அடைப்புக்குறி போட்டு எழுதாமல் மனத்திலேயே பெருக்கினால், கீழே உள்ள இரண்டு குறைக் குறிகளில் ஒன்று தொலைந்துபோகும். ஆகவே இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிவிடுவது நல்லது. தேர்விலும் வழிமுறை காட்டியதாக ஆகும்.

C-க்கு (2x − 1)-ஐ முழுதாக மூடி, x = 1/2. மேலே 0.5 + 9.5 − 15 = −5. கீழே (−1/2)(5/2) = −5/4. C = 4.

மூன்று வரிகளில் முடிந்தது. கெழுக்களை ஒப்பிட்டிருந்தால் 2A + 2B + C = 2, 3A − 3B + C = 19, −2A + B − 2C = −15 என்ற மூன்றையும் தீர்க்க வேண்டியிருக்கும். அதில் ஒரு குறி பிசகினால் மூன்று விடையும் போய்விடும். மூடிப் பார்க்கும்போது ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே வருவதால், B தவறினாலும் A-யும் C-யும் தப்பும்.

C-யைப் பற்றி இன்னும் ஒன்று. சிலர் 2x − 1 என்பதை 2(x − 1/2) என்று பிரித்து, (x − 1/2)-ஐ மட்டும் மூடுவார்கள். அப்போது கீழே அந்த 2 நின்றுவிடும். விடை 4 அல்ல, 2. அதுவும் சரிதான், ஆனால் அது 1/(x − 1/2)-க்கு உரிய எண். 2/(x − 1/2) என்பதும் 4/(2x − 1) என்பதும் ஒன்றே. ஒன்றை மூடிவிட்டு மற்றதன் கீழே எழுதுவதுதான் பிழை. எதை மூடினீர்களோ அதையே, அதே வடிவத்தில், விடையில் கீழே எழுதுங்கள்.

இப்போது காரணம். மூடுவது என்பது உண்மையில் இருபக்கத்தையும் (x − 1)-ஆல் பெருக்குவது. இடப்பக்கத்தில் அந்தக் காரணி அடிபட்டுப் போகிறது. விரல் மறைத்தது அதைத்தான். வலப்பக்கத்தில் A தனியாக நிற்கும். B, C உறுப்புகள் இரண்டும் (x − 1)-ஐத் தலையில் சுமக்கும். x = 1 போட்டதும் அவை இரண்டும் சுழியாகி, A மட்டும் மிஞ்சுகிறது.

கூர்மையான மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்: “x = 1 என்ற இடத்தில் அந்தப் பின்னத்துக்கு மதிப்பே இல்லையே, அங்கே எப்படி 1 போடலாம்?” நியாயமான கேள்வி. நாம் எண்ணைப் போடுவது பழைய பின்னத்தில் அல்ல, பெருக்கி அடித்த பிறகு கிடைத்த கோவையில். அந்தச் சமம் 1-க்கு அக்கம்பக்கத்து x எல்லாவற்றுக்கும் உண்மை, 0.9, 0.99, 1.001 எதுவானாலும் சரி. அடித்தபின் இருபக்கமும் x = 1-இல் உடைப்பில்லாமல் தொடர்கின்றன. 1-ஐ நெருங்க நெருங்கச் சமமாகவே இருக்கும் இரண்டு தொடர்ச்சியான கோவைகள், 1-க்கு வந்ததும் பிரிந்துபோக முடியாது. மின்சுற்றுச் சமன்பாடுகளுக்கு இந்த முறையைக் கையாண்ட ஆலிவர் ஹெவிசைடின் (1850–1925) பெயரால் இதைச் சொல்வதும் உண்டு.

சத்தமில்லாமல் ஏமாற்றும் இடம் என்று சொன்னது இதைத்தான்:

```
    x² + 5
----------------
(x − 1)(x + 2)
```

x = 1-க்கு 6/3 = 2. x = −2-க்கு 9/(−3) = −3. எல்லாம் ஒழுங்காக வருகிறது. 2/(x − 1) − 3/(x + 2) என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஆனால் x = 0 போட்டால் மூலத்தில் −2.5 வருகிறது, எழுதிய விடையில் −3.5. தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமமாக இருப்பதால் தனியாக ஒரு 1 இருக்க வேண்டும்: 1 + 2/(x − 1) − 3/(x + 2). கவனியுங்கள், 2-உம் −3-உம் தவறே இல்லை. அந்த 1-உம் (x − 1)-ஆல் பெருக்கப்பட்டு சுழியாகிவிடுவதால் மூடும்போது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். எச்.எஸ்.சி.க்கான கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் படிகள் சமமாக உள்ள கேள்விகளை அனுமதிக்கிறது. ஆகவே மூடும் முன் படியைப் பார்ப்பது கட்டாயம்.

சரிபார்க்க x = 0 போடுவது போதும். முதல் கணக்கில் மூலம் −15/2. விடையில் −2 − 3/2 − 4, அதுவும் −7.5. இன்னொரு சோதனை, தொகுதியின் படி குறைவாக இருக்கும்போது: x-ஆல் பெருக்கி x-ஐ மிகப் பெரிதாக்குங்கள். இடப்பக்கம் 2/2 = 1-ஐ நெருங்கும்; வலப்பக்கம் 2 − 3 + 4/2, அதுவும் 1.

இந்த இரண்டாவது சோதனை, ஒரே காரணி இரண்டு முறை வரும்போதும் கைகொடுக்கிறது. 9/((x + 2)(x − 1)²) என்பதை A/(x + 2) + B/(x − 1) + C/(x − 1)² என்று பிரிக்க வேண்டும். (x + 2)-ஐ மூடினால் A = 9/9 = 1. (x − 1)²-ஐ முழுதாக மூடினால் C = 9/3 = 3. B-க்கு ஒரே ஒரு (x − 1)-ஐ மூடினால் இன்னொன்று கீழே நின்று சுழியால் வகுக்கச் சொல்லும். அங்கே மூடும் முறை செல்லாது. x-ஆல் பெருக்கிப் பெரிதாக்கினால் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1 + B. ஆக B = −1.