வேறு ஆளா, அதே ஆளா? பாதகத் தெரிவையும் அறநெறி இடரையும் பிரித்தறிவது

"காப்பீடு எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட அதிக விபத்துகள் நேர்கின்றன. காரணத்தை விளக்குக." நுண்பொருளியல் கேள்வித்தாள்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. விடைத்தாள் திருத்த உட்காரும்போது பாதிப் பேர் பாதகத் தெரிவு என்றும், மீதிப் பேர் அறநெறி இடர் என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இரு தரப்பும் உறுதியாகத்தான் எழுதுகின்றன. ஆனால் கேள்வியில் உள்ள தகவலை மட்டும் வைத்து இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சரியான விடை. அதை எழுதுபவர்கள் மிகச் சிலர்.

குழப்பத்தின் வேர், எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு வரியில் இருக்கிறது: ஒப்பந்தத்துக்கு முன் நடப்பது பாதகத் தெரிவு, ஒப்பந்தத்துக்குப் பின் நடப்பது அறநெறி இடர். வரி தவறில்லை, ஆனால் போதாது. அட்வர்ஸ் செலக்ஷன், மாரல் ஹசார்ட் என்று வகுப்பில் சொல்லிப் பழகிய இந்த இரண்டையும் பிரிக்க நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: ஒப்பந்தத்தின் விதிமுறை மாறினால், வருகிற ஆள் மாறுகிறாரா, அல்லது அதே ஆள் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறதா? ஆள் மாறினால் பாதகத் தெரிவு. ஆள் அப்படியே இருந்து நடத்தை மாறினால் அறநெறி இடர். முதலாவதில் மறைந்திருப்பது ஒரு பண்பு, இரண்டாவதில் மறைந்திருப்பது ஒரு செயல்.

பழைய கார் சந்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையின் களம் இதுதான். மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்த ஆராய்ச்சிப் பாதைக்காகத்தான். மூன்று கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன. விற்பவர்களுக்கு அவற்றின் மதிப்பு 2000, 4000, 6000. வாங்குபவர்கள் எந்தக் காரையும் உரிமையாளரைவிட 20 சதவீதம் அதிகமாக மதிக்கிறார்கள். ஆகவே மூன்றும் கைமாறினால் எல்லோருக்கும் லாபம். ஆனால் எந்தக் கார் எந்தத் தரம் என்பது விற்பவருக்குத்தான் தெரியும்.

வாங்குபவர் சராசரியைக் கணக்கிடுகிறார். மூன்றின் சராசரி 4000, அதன் மேல் 20 சதவீதம் சேர்த்து 4800 தரத் தயார். 6000 மதிப்புள்ள காரின் உரிமையாளர் இந்த விலைக்கு விற்க மாட்டார், விலகிவிடுகிறார். மீதமுள்ள இரண்டின் சராசரி 3000, வாங்குபவர் தருவது 3600. இப்போது 4000 மதிப்புள்ள காரும் போய்விடுகிறது. கடைசியில் நிற்பது மிக மோசமான கார் மட்டும், விலை 2400. இந்தக் கணக்கில் எந்தக் காரின் தரமும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் எதையும் கெடுக்கவில்லை, யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. விலை இறங்க இறங்கச் சந்தையில் நிற்பவர்களின் கலவைதான் மாறியது. விடைத்தாளில் இந்த ஒரு வாக்கியம் இருந்தாலே, மாணவருக்குப் பாதகத் தெரிவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி தீக்காப்பீடு. ஒரே மாதிரியான வீட்டு உரிமையாளர்கள். தீப்பிடித்தால் இழப்பு 10,000. மின்கம்பிகளை ஆண்டுதோறும் சரிபார்க்க 300 செலவாகிறது. சரிபார்த்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு 10 சதவீதம், விட்டுவிட்டால் 20 சதவீதம். காப்பீடு இல்லாதவர் 300 செலவிட்டு 1000 மதிப்புள்ள எதிர்பார்ப்பு இழப்பைத் தவிர்க்கிறார், தயங்காமல் சரிபார்ப்பார். இப்போது நிறுவனம் முழு இழப்பையும் ஈடுசெய்யும் பாலிசியை, 10 சதவீத வாய்ப்பின்படி 1000 பிரீமியத்துக்கு விற்கிறது. பாலிசியை வாங்கியதும் அந்த 300 உரிமையாளருக்கு வீண்செலவாகிவிடுகிறது. சரிபார்ப்பு நிற்கிறது, வாய்ப்பு 20 சதவீதமாகிறது, நிறுவனம் சராசரியாக 2000 தர வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு பிரீமியமும் 2000 ஆகிவிடுகிறது.

இங்கு ஒருவர்கூடச் சந்தையை விட்டுப் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள், அவர்களிடையே தரம் பிரிக்க எதுவுமில்லை. மாறியது செயல் மட்டுமே. 'அறநெறி' என்ற சொல் மாணவர்களை இங்கே தடுமாறச் செய்கிறது. தானே வீட்டுக்குத் தீ வைத்துப் பணம் கோருவது போன்ற மோசடியையே உதாரணமாக எழுதிவிடுகிறார்கள். மோசடி தேவையே இல்லை. தன் செலவையும் தன் ஆதாயத்தையும் எடைபோடும் நேர்மையான மனிதர் கம்பியைச் சரிபார்க்காமல் விடுவதே போதும்.

இரண்டையும் அதிகம் குழப்புவது டிடக்டிபிள், அதாவது இழப்பில் முதல் பகுதியைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்ற விதி. இரண்டு நோய்க்கும் இதே மருந்தைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு வேறு. நம் தீக்காப்பீட்டில் முதல் 3500ஐ உரிமையாளர் ஏற்க வேண்டும் என்று வைப்போம். சரிபார்த்தால் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி குறைகிறது, அவர் கையிலிருந்து போகக்கூடிய தொகையில் 350 மிச்சமாகிறது. அது 300ஐவிட அதிகம் என்பதால் மீண்டும் சரிபார்ப்பார். எல்லைக்கோடு 3000. அதற்குக் கீழே வைத்த டிடக்டிபிள் உரிமையாளரைச் சுமக்க வைக்குமே தவிர, அவர் நடத்தையை மாற்றாது. இந்த எல்லையைக் கணக்கிட்டுக் காட்டும் விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்குத் தயக்கமே இருப்பதில்லை.

பாதகத் தெரிவில் டிடக்டிபிள் செய்வது திருத்தம் அல்ல, பிரிப்பு. மைக்கேல் ராத்ஸ்சைல்டும் ஸ்டிக்லிட்ஸும் 1976இல் காட்டியது இதை: நிறுவனம் இரண்டு பாலிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒன்று முழு ஈடு, பிரீமியம் அதிகம். மற்றொன்று பகுதி ஈடு, பிரீமியம் குறைவு. தனக்கு இழப்பு வருவது அரிது என்று அறிந்தவர் இரண்டாவதை எடுக்கிறார், ஆபத்து அதிகமுள்ளவர் முதலாவதை விட மாட்டார். யாருடைய கவனமும் கூடவில்லை. தங்கள் பண்பைத் தாங்களே வெளிப்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆபத்து குறைந்தவர் முழு ஈடு கிடைக்காமல் நிற்பது இதன் விலை. எனவே "டிடக்டிபிள் பயன்படுகிறது, ஆகவே இது அறநெறி இடர்" என்று எழுதுவது பாதி விடைகூட ஆகாது.

மீண்டும் பழைய காருக்கு வருகிறேன். முன், பின் என்ற மனப்பாட விதி உடைவது இங்கேதான். அடுத்த ஆண்டு காரை விற்கப்போகும் ஒருவர் எஞ்சின் ஆயிலை மாற்றாமல் விடுகிறார். வாங்குபவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இது விற்பனைக்கு முன் நடப்பதால் பாதகத் தெரிவு என்று எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் இது ஒரு செயல். மறைந்த செயல். அவர் காரை விற்காமல் தானே ஓட்டுவதாக இருந்தால் ஆயிலை மாற்றியிருப்பார். அதே ஆள், வேறு நடத்தை. ஆகவே அலட்சியம் அறநெறி இடர். விற்கும் நாளில் அந்த அலட்சியத்தின் விளைவு காருக்குள் மறைந்த தரமாக உறைந்துவிடுகிறது. அதைப் பார்க்க முடியாத வாங்குபவர் சந்திப்பது பாதகத் தெரிவு. ஒரே காரில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. கேள்வி எந்தக் கட்டத்தைக் கேட்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

உத்தரவாதமும் இதேபோல இருமுனை கொண்டது. நல்ல காரை விற்பவருக்கு ஓராண்டு உத்தரவாதம் தருவது மலிவு, மோசமான காரை விற்பவருக்கு அது பெருஞ்செலவு. ஆகவே உத்தரவாதம் நல்ல காரின் அடையாளமாகிப் பாதகத் தெரிவைத் தணிக்கிறது. ஆனால் பழுது பார்க்கும் செலவு விற்பவருடையது என்று ஆனபின், வாங்கியவர் காரை முரட்டுத்தனமாக ஓட்டலாம். தேய்மானத்துக்கும் தவறான பயன்பாட்டுக்கும் உத்தரவாதம் செல்லாது என்று நிபந்தனை போடுவது அந்த இரண்டாவது சிக்கலுக்காக.

இனி முதலில் நின்ற கேள்வி. காப்பீடு எடுத்தவர்களுக்கு விபத்து அதிகம். ஆபத்து அதிகமுள்ளவர்கள் தேடி வந்து வாங்கியிருக்கலாம், வாங்கியபின் கவனம் குறைந்திருக்கலாம். இரண்டு கதைகளும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் தரும். இவற்றைப் பிரிக்க, யார் எந்தப் பாலிசியைப் பெறுகிறார் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட வேண்டும். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1974இல் தொடங்கி 1982 வரை நடத்திய மருத்துவக் காப்பீட்டுச் சோதனை இதைத்தான் செய்தது. குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. சிலருக்குச் சிகிச்சை முழுக்க இலவசம், சிலர் ஓர் உச்சவரம்பு வரை செலவில் 95 சதவீதத்தைத் தாங்களே கொடுக்க வேண்டும். குலுக்கல் என்பதால் நோயாளிகள் தேர்ந்தெடுத்துச் சேர வழியில்லை. அப்படியும் அதிகப் பங்கு செலுத்தியவர்களின் மருத்துவச் செலவு, இலவசத் திட்டத்தில் இருந்தவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வேறுபாட்டைப் பாதகத் தெரிவின் கணக்கில் எழுத முடியாது.

ஈட்டின் அளவுக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லாமல் போவதும் உண்டு. பியர் ஆந்த்ரே ஷியாபோரியும் பெர்னார் சலானியேவும் பிரான்சில் புதிதாக ஓட்டத் தொடங்கிய இளம் ஓட்டுநர்களின் தரவை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டபோது, நிறுவனத்துக்குத் தெரிந்த வயது, வாகனம் போன்ற விவரங்களைக் கணக்கில் எடுத்தபின், அதிக ஈடு எடுத்தவர்களுக்கு விபத்து அதிகம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மறைந்த தகவல் இருக்கிறது என்று ஊகிப்பது வேறு, தரவில் காண்பது வேறு.

தேர்வில் தரும் சூழல்களுக்கு இந்தக் குலுக்கல் சோதனையை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தில் பரம்பரை நோய் இருப்பதை அறிந்தவர் மருத்துவப் பாலிசி தேடி வருகிறார்: குலுக்கலில் ஒதுக்கினால் இந்தச் சிக்கல் மறைந்துவிடும், பாதகத் தெரிவு. காப்பீடு எடுத்தபின் போனுக்கு உறை போடுவதை நிறுத்துகிறார்: குலுக்கலிலும் நீடிக்கும், அறநெறி இடர். நிறுவனம் ஒன்று எல்லா ஊழியர்களையும் விதிவிலக்கின்றி ஒரே குழுக் காப்பீட்டில் சேர்க்கிறது: பாதகத் தெரிவுக்கு வாசல் அடைபடுகிறது, ஆனால் தேவைக்கு மேல் பரிசோதனைகள் செய்துகொள்ளும் போக்கு அப்படியே இருக்கும். காரில் வேகத்தையும் பிரேக் அழுத்தத்தையும் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்திக்கொண்டால் பிரீமியத்தில் தள்ளுபடி என்ற கேள்வி வந்தால் இரண்டையும் எழுதுங்கள். நிதானமாக ஓட்டுபவர்கள்தான் அந்தக் கருவிக்கு முன்வருவார்கள், பொருத்தியபின் அவர்களே முன்பைவிட இன்னும் கொஞ்சம் நிதானமாக ஓட்டுவார்கள். கருவி கட்டாயம் என்று கேள்வியில் ஒரு சொல் கூடியிருந்தால், முன்வருதல் பற்றிய வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.