24 வோல்ட்டா, 48 வோல்ட்டா? பசை வால்வின் காயிலில் மின்னோட்டம் வளரும் விதம்

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று பழைய வட ஆர்க்காட்டின் காலணித் தொழில் பரவியிருக்கும் ஊர்களில், காலணிக்கு இணையாக அட்டைப்பெட்டித் தொழிலும் வளர்ந்திருக்கிறது. பெட்டி மடிக்கும் இயந்திரத்தில் அட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரத்தில் பசைக் கோடு விழ வேண்டும். அந்தக் கோட்டைத் தொடங்கி வைப்பது ஒரு சோலனாய்டு வால்வு. அதன் காயிலில் மின்னோட்டம் ஏறி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுத்தால்தான் பசை வெளியே வரும்.

அட்டை நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு மில்லிநொடித் தாமதம் பசைக் கோட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிவிடும். காலையில் சரியாக விழுந்த கோடு, மதியம் ஏழெட்டு மில்லிமீட்டர் பின்தங்குகிறது. மடிப்பின் முனை ஒட்டாமல் திறந்துகொள்கிறது. முதலில் பழி பசையின் மேல் விழும், அடுத்து சென்சாரின் மேல். பல நேரங்களில் காரணம் காயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தீர்க்க வழக்கத்தில் உள்ள மூன்று இணைப்புகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

மூன்றுக்கும் ஒரே காயில்தான். கணக்குக்கு வசதியாக அதன் மின்தடை 24 ஓம், மின்தூண்டல் 0.48 ஹென்றி என்று எடுத்துக்கொள்கிறேன். மின்னோட்டம் 0.6 ஆம்பியரைத் தொட்டதும் தண்டு நகரத் தொடங்கும்.

முதல் இணைப்பு எல்லோருக்கும் தெரிந்தது: 24 வோல்ட்டை நேராகக் காயிலுக்குக் கொடுப்பது. இரண்டாவதில் 48 வோல்ட் மூலத்தை எடுத்துக்கொண்டு, காயிலோடு தொடராக இன்னொரு 24 ஓம் மின்தடையைச் சேர்க்கிறோம். மூன்றாவதில் 48 வோல்ட்டை மின்தடை இல்லாமல் நேராகவே கொடுத்து, மின்னோட்டம் ஒரு ஆம்பியரை எட்டியதும் டிரான்சிஸ்டர் வழியாக அதை வெட்டி வெட்டி, 0.3 ஆம்பியர் போன்ற குறைந்த அளவில் நிறுத்தி வைக்கிறோம். இழுப்பதற்குத் தேவைப்படும் அளவு மின்னோட்டம், இழுத்த தண்டைப் பிடித்து வைக்கத் தேவையில்லை.

சாவியை மூடிய கணத்தில் மின்னோட்டம் சுழி. மின்னோட்டம் இல்லாததால் மின்தடைகளில் மின்னழுத்த இழப்பும் இல்லை. மூலத்தின் முழு மின்னழுத்தத்தையும் காயிலின் மின்தூண்டலே ஏற்கிறது. பிறகு மின்னோட்டம் ஏற ஏற, மின்தடை தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதுதான் மின்னோட்டத்தை மேலும் வளர்க்கப் பயன்படும். பாடநூலில் வரும் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது:

```
i = (V/R) (1 − e^(−Rt/L))
L di/dt = V − iR
```

முதல் இணைப்பில் காலமாறிலி L/R 20 மில்லிநொடி. மின்னோட்டம் 0.6 ஆம்பியரைத் தொட 18.3 மில்லிநொடி ஆகிறது. இரண்டாவதில் மொத்த மின்தடை 48 ஓம் ஆவதால் காலமாறிலி 10 மில்லிநொடியாகச் சுருங்குகிறது, 0.6 ஆம்பியரை எட்டும் நேரமும் 9.2 மில்லிநொடியாகப் பாதியாகிறது. "மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறையத்தானே வேண்டும், வேகம் எப்படிக் கூடும்?" என்று பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மின்தடையை மட்டும் கூட்டினால் குறையத்தான் செய்யும். இங்கே மின்னழுத்தமும் இரட்டிப்பாகியிருப்பதால், இறுதி மின்னோட்டம் அதே ஒரு ஆம்பியர்தான். ஆனால் தொடக்கத்தில் காயிலின் மேல் நிற்பது 24 வோல்ட் அல்ல, 48.

மூன்றாவது இணைப்புக்கு வந்தால், காலமாறிலியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் இடறிவிடுவார்கள். மின்தடை சேர்க்காததால் காலமாறிலி மறுபடியும் 20 மில்லிநொடிதான், இரண்டாவதைப் போல இரு மடங்கு. ஆனாலும் 0.6 ஆம்பியரை எட்ட அதற்குப் போதுமானது 7.1 மில்லிநொடி. வளைகோடு இரண்டு ஆம்பியரை நோக்கிப் போகிறது. நாம் அதன் செங்குத்தான முதல் பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு வெட்டிவிடுகிறோம். காலமாறிலி என்பது தன் இறுதி மதிப்பை நோக்கிப் போகும் வேகத்தைச் சொல்லுமே தவிர, நமக்கு வேண்டிய 0.6 ஆம்பியருக்கு எப்போது வரும் என்பதைத் தனியாகச் சொல்லாது.

இத்தோடு ஒப்பீட்டை முடித்துவிடுவதே வழக்கம். எனக்கு அது போதவில்லை. 18 மில்லிநொடித் தாமதம் எப்போதும் 18 ஆகவே இருந்தால் கவலையே இல்லை, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யில் சென்சாரின் சைகைக்கும் வால்வுக்கும் இடையே உள்ள நேரத்தை அதற்கேற்ப ஒருமுறை குறைத்து வைத்துவிடலாம். தாமதம் மாறிக்கொண்டே இருப்பதுதான் பெட்டியைக் கெடுக்கிறது.

ஏன் மாறுகிறது? செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 பாகையில் 24 ஓமாக இருந்த காயில், தொடர்ந்து ஓடி 80 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 29.7 ஓம் ஆகிவிடும். வேலூர்ப் பக்கத்துக் கோடையில், தகரக் கூரையின் கீழே, பெட்டிக்குள் மூடி வைத்த காயிலுக்கு அந்தச் சூடு எட்டாத உயரமல்ல. இதோடு மின்பலகையிலிருந்து வால்வு வரை மெல்லிய கம்பி நீளமாகப் போயிருந்தாலோ, ஒரே மூலத்தில் பல வால்வுகள் தொங்கினாலோ, மின்னழுத்தம் பத்து சதவீதம் இறங்குவதும் உண்டு.

இரண்டும் சேர்ந்தால், 24 வோல்ட் நேரடி இணைப்பில் 18.3 மில்லிநொடி என்பது 28.1 ஆகிறது. கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் பிறழ்வு. மின்தடை சேர்த்த 48 வோல்ட் இணைப்பில் அதே சூடும் அதே சரிவும் 9.2 மில்லிநொடியை 12.2 ஆக்குகின்றன, பிறழ்வு 3 மில்லிமீட்டர். வெட்டி ஓட்டும் இணைப்பில் 7.1 என்பது 8.6 ஆவதோடு நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாட்டின் வேர், 0.6 ஆம்பியரைத் தொடும் அந்தக் கணத்தில் மின்தூண்டலுக்கு மிஞ்சியிருக்கும் மின்னழுத்தத்தில் இருக்கிறது. முதல் இணைப்பில் 24 வோல்ட்டில் 14.4 வோல்ட்டைக் காயிலின் மின்தடையே தின்றுவிட, மிஞ்சுவது 9.6 வோல்ட். மின்னோட்டம் அப்போது மில்லிநொடிக்கு 20 மில்லியாம்பியர்தான் ஏறுகிறது. வளைகோடு ஏற்கெனவே படுக்கத் தொடங்கிவிட்ட இடம் அது. படுத்த கோடு 0.6 என்ற எல்லையை வெட்டும் இடத்தில், சிறு மாற்றம்கூட நேரத்தில் பெரிய நகர்வாகத் தெரியும். இரண்டாவதில் மிஞ்சுவது 19.2 வோல்ட், ஏற்றம் 40 மில்லியாம்பியர். மூன்றாவதில் 33.6 வோல்ட் மிஞ்சுகிறது, ஏற்றம் 70. செங்குத்தாக வெட்டும் கோடு இடம் பிறழாது.

காயிலின் மின்னழுத்தத்தை அளப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடநூல் மின்சுற்றில் மின்தூண்டி தனியாகவும் மின்தடை தனியாகவும் இருக்கும். மின்தூண்டியின் மேல் உள்ள மின்னழுத்தம் படிப்படியாகச் சுழிக்கு இறங்குவதை அளந்து பார்க்கலாம். உண்மைக் காயிலில் இரண்டும் ஒரே செம்புக் கம்பிதான். ஆகவே நேரடி இணைப்பில் காயிலின் முனைகளில் அலைநோக்கியை வைத்தால், தொடக்கம் முதல் இறுதி வரை 24 வோல்ட் என்று நேர்கோடே தெரியும். உள்ளே தூண்டல் பங்கு 24-இலிருந்து சுழிக்கு இறங்கி, மின்தடைப் பங்கு சுழியிலிருந்து 24-க்கு ஏறியிருக்கும். அந்தக் கைமாற்றம் வெளியே தெரியாது. மின்தடை சேர்த்த இணைப்பில் மட்டும் காயிலின் முனைகளில் 48-இல் தொடங்கி 24-க்கு இறங்கும் வளைகோடு கண்ணுக்குத் தெரியும்.

ஆற்றல் கணக்கில் மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தண்டு நகரத் தொடங்கும்போது காந்தப்புலத்தில் சேர்ந்திருப்பது ½Li², அதாவது 0.086 ஜூல். எந்த வழியில் வந்தாலும் 0.6 ஆம்பியருக்கு அதே ஆற்றல்தான். அதுவரை மூலம் கொடுத்தது முதல் இரண்டு இணைப்புகளிலும் சரியாக ஒரே அளவு, 0.152 ஜூல். நேரம் பாதியானாலும் மின்னழுத்தம் இரட்டிப்பானதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. மூன்றாவதில் 0.109 ஜூல் போதும், ஏனெனில் வெப்பமாக வீணாவதற்கு அங்கே நேரமும் இல்லை, கூடுதல் மின்தடையும் இல்லை.

ஆகவே தொடர் மின்தடை வீண் என்று சொல்பவர்கள் தொடக்கத்தை வைத்துச் சொல்லக் கூடாது. பிடித்து வைத்திருக்கும் நேரத்தை வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு ஆம்பியர் நிலையாக ஓடும்போது காந்தப்புலத்தின் ஆற்றல் 0.24 ஜூலில் நின்றுவிடும். அதற்கு மேல் மூலம் தருவது முழுவதும் வெப்பம். நேரடி இணைப்பில் 24 வாட். மின்தடை சேர்த்ததில் 48 வாட், அதில் பாதி அந்த மின்தடையில். அதற்கு 50 வாட் தாங்கும் கம்பி சுற்றிய மின்தடையை, பலகைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும். வெட்டி ஓட்டும் இணைப்பில் 0.3 ஆம்பியரில் காயிலில் எழும் வெப்பம் இரண்டு வாட்டுக்குச் சற்றே அதிகம். காயில் குளிர்ச்சியாக இருப்பதால் அதன் மின்தடையும் ஏறாது. மேலே சொன்ன பிறழ்வின் ஒரு காரணமே அங்கு மறைந்துவிடுகிறது.

மூன்றாவதன் அபாயத்தையும் சொல்ல வேண்டும். வெட்டும் டிரான்சிஸ்டர் பழுதாகிக் குறுக்குச் சுற்றானால், 48 வோல்ட்டும் காயிலின் மேல் நின்று இரண்டு ஆம்பியர் ஓடும். 24 வாட்டுக்கு அமைந்த காயிலில் 96 வாட். எரிந்த வார்னிஷ் வாசனை வருவதற்குள் காயில் போய்விடும். தகுந்த ஃபியூஸ் இல்லாமல் இந்த இணைப்பைக் கொடுக்கவே கூடாது. பிடிப்பு மின்னோட்டத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், இயந்திரம் அதிரும்போது தண்டு விழுந்து, பசைக் கோடு நடுவில் அறுபடும்.

மின்தடை இணைப்பில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. சாவியைத் திறக்கும்போது சேர்ந்த ஆற்றல் போய்த் தீர டயோடு வைக்கிறோம். அதைக் காயிலின் முனைகளுக்கு மட்டும் குறுக்கே வைத்தால், மின்னோட்டம் தணியும் பாதையில் கூடுதல் மின்தடை சேராது. காலமாறிலி மறுபடியும் 20 மில்லிநொடி. கோட்டின் தொடக்கம் கூர்மையாகி, முடிவு வால் விட்டு நீளும். காயிலையும் மின்தடையையும் சேர்த்து அணைத்தபடி டயோடை வைத்தால் தணிவும் பாதி நேரத்தில் நடக்கும்.

என் தேர்வு இது: நிமிடத்துக்கு 15 மீட்டருக்குள் ஓடும் இயந்திரத்தில் 24 வோல்ட் நேரடி இணைப்பை மாற்றத் தேவையில்லை, பத்து மில்லிநொடிப் பிறழ்வும் அங்கே இரண்டரை மில்லிமீட்டர்தான். வேகமான பழைய இயந்திரத்தில் ஒன்றிரண்டு வால்வுகளை மட்டும் சரிசெய்ய வேண்டுமானால், மின்தடையோடு 48 வோல்ட்: உள்ளூர்ப் பணியாளரே பழுது பார்க்கலாம், கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஓடும், பல வால்வுகள் கொண்ட இயந்திரத்துக்கு வெட்டி ஓட்டும் பலகையே சரி.

எதை மாற்றுவதற்கு முன்பும், காயிலோடு தொடராக 0.1 ஓம் மின்தடையைச் சேர்த்து அதன் குறுக்கே அலைநோக்கியில் மின்னோட்டத்தைப் பாருங்கள். ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் காட்டும். கோடு ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சற்றே பள்ளமாகி, மீண்டும் ஏறும். தண்டு நகரும்போது காயிலில் எழும் எதிர் மின்னியக்கு விசை உண்டாக்கும் பள்ளம் அது. அதன் அடிமுனை தண்டு போய்ச் சேர்ந்த நேரம். பள்ளம் தொடங்கும் வரைதான் மேலே போட்ட கணக்கு செல்லும், ஏனெனில் தண்டு நகர்ந்து இடைவெளி மூட மூட மின்தூண்டலே கூடிவிடுகிறது. காலையில் ஒருமுறை, மதியம் காயில் சூடான பிறகு ஒருமுறை அந்தப் பள்ளம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காயிலில் குறையில்லை. பசையையும் சென்சாரையும் அப்போது பார்க்கலாம். பள்ளமே தெரியாவிட்டால் தண்டு நகரவில்லை. பெரும்பாலும் பசை உறைந்து ஒட்டியிருக்கும், அதற்கு எந்த வோல்ட்டும் மருந்தல்ல, வால்வைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.